நடுவில் நிற்கும் தலைப்பு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு நகரங்களில் வசித்த ஆண்கள் 1,74,58,910 பேர். பெண்கள் 1,74,58,530 பேர். இரண்டுக்கும் இடையே 380 பேர்தான் வித்தியாசம். அட்டவணையிலிருந்து இந்த இரண்டு எண்களையும் தனியே வெட்டியெடுத்து மேசைமேல் வைத்தால், எது ஆண்கள், எது பெண்கள் என்று எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது மேலே இருக்கும் தலைப்பு மட்டுமே. அந்தத் தலைப்பு ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்துவிட்டால் எண்கள் எந்த எதிர்ப்பும் காட்டாமல் வேறொன்றின் பெயரை ஏற்றுக்கொள்ளும்.

அச்சிட்ட அட்டவணையை ஸ்கேன் செய்து சிஎஸ்வி கோப்பாக மாற்றும்போது நேர்வது பெரும்பாலும் இதுதான். எழுத்துணரி மென்பொருள் 3-ஐ 8 என்று படித்துவிடும் பிழையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அது ஓர் எண்ணைக் கெடுக்கும். தலைப்பு இடம் மாறினால் ஒரு நெடுவரிசை முழுவதும் கெடும், அதுவும் ஒவ்வோர் எண்ணும் சரியாகப் படிக்கப்பட்ட நிலையிலேயே. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒரே ஓர் அட்டவணையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்போம். கணக்கெடுப்பு எண்கள் ஒரு ஏ4 தாளில் இப்படி அச்சாகியிருப்பதாகக் கொள்வோம்: இடது ஓரத்தில் ‘மாநிலம்’. அதற்கு வலப்புறம் ஒன்பது நெடுவரிசைகள். அந்த ஒன்பதின் மேலும் நீளமாக ஒரே கட்டம், அதில் ‘மக்கள்தொகை’. அதன் கீழே மூன்று கட்டங்கள்: மொத்தம், ஊரகம், நகரம். ஒவ்வொன்றின் கீழும் நபர்கள், ஆண்கள், பெண்கள் என்று மூன்று. ‘மாநிலம்’ என்ற கட்டம் மட்டும் மூன்று வரிகளின் உயரத்துக்கும் நீண்டு நிற்கிறது. நம் நாட்டுப் புள்ளிவிவர நூல்களில் பழகிய அமைப்பு இது.

மனிதக் கண்ணுக்கு இதில் சிரமமே இல்லை. ‘ஊரகம்’ என்ற சொல் மூன்று நெடுவரிசைகளுக்கு நடுவே இருக்கிறது, இரு பக்கமும் கோடுகள் இருக்கின்றன. அந்த மூன்றுக்கும் அது பொதுப்பெயர் என்று பார்த்தவுடன் புரிகிறது. வேர்ட், எக்செல், இணையப் பக்கம் எல்லாவற்றிலும் இந்தப் பொதுமையைப் பதிந்துவைக்க வழி இருக்கிறது. இணையப் பக்கத்தின் நிரலில் `colspan="3"` என்று எழுதியிருக்கும். எக்செல் கோப்பின் உள்ளே `mergeCell` என்ற குறிப்பு, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம்வரை இணைந்திருக்கிறது என்று சொல்லும்.

சிஎஸ்வியில் அப்படி ஒன்றும் கிடையாது. அது வெறும் எழுத்துக்கோப்பு. காற்புள்ளி வந்தால் அடுத்த கட்டம், வரி முடிந்தால் அடுத்த வரிசை. அதன் நடைமுறையை 2005-இல் எழுதிவைத்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம், தொடக்கத்தில் ஒரு தலைப்பு வரி இருக்கலாம் என்றும், எல்லா வரிகளிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு தலைப்பு வரி. நம் அட்டவணையிலோ மூன்று அடுக்கு. அடுக்குகளாகக் கிளைக்கும் ஒன்றை ஒற்றை வரியில் அடக்க வேண்டும் என்பதே இங்கே வேலை.

இனி ஸ்கேன். ஸ்கேன் செய்த தாளில் கட்டங்கள் என்று எதுவும் இல்லை. வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, அவ்வளவுதான். டெசராக்ட் போன்ற எழுத்துணரியை இப்படி இயக்கினால்,

```
tesseract thaal.png out -l tam+eng --psm 6 tsv
```

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி வீதம் `out.tsv` என்ற கோப்பு கிடைக்கும். அந்த வரியில் `left`, `top`, `width`, `height` என நான்கு எண்கள் இருக்கும். அந்தச் சொல்லின் மை தாளில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று அவை சொல்லும். சொல்லைச் சுற்றியிருந்த கட்டம் எவ்வளவு அகலம் என்பதை அவற்றில் எதுவும் சொல்லாது. ‘ஊரகம்’ என்ற மை அதன் எழுத்துகளின் அகலத்துக்கு மட்டுமே இருக்கிறது. அது ஆளும் மூன்று நெடுவரிசைகளின் அகலம் அந்த மையில் இல்லை.

எண்களைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் ஏ4 தாளின் அகலம் 2480 புள்ளிகள். மாநிலத்தின் நெடுவரிசை 100-இலிருந்து 500 வரை. பிறகு ஒவ்வொன்றும் 200 புள்ளி அகலத்தில் ஒன்பது நெடுவரிசைகள், 2300 வரை. ‘மொத்தம்’ என்ற கட்டம் 500 முதல் 1100 வரை நீள்கிறது. சொல் அதன் நடுவே அச்சாகியிருப்பதால் 800-ஐ ஒட்டி நிற்கும். 800 என்பது 700–900 நெடுவரிசைக்குள் வருகிறது. அது ‘ஆண்கள்’. அதேபோல் ‘ஊரகம்’ 1400-இல், ஊரக ஆண்களுக்கு நேர்மேலே. ‘நகரம்’ 2000-இல், நகர ஆண்களுக்கு நேர்மேலே. ‘மாநிலம்’ மூன்று வரிகளின் நடு உயரத்தில் இருப்பதால் இரண்டாம் வரியில் விழும். ஒவ்வொரு சொல்லையும் அது நிற்கும் இடத்திலுள்ள நெடுவரிசையில் போடும் எந்த மென்பொருளும் இப்படித்தான் எழுதித் தரும்:

```
,,,,,மக்கள்தொகை,,,,
மாநிலம்,,மொத்தம்,,,ஊரகம்,,,நகரம்,
,நபர்கள்,ஆண்கள்,பெண்கள்,நபர்கள்,ஆண்கள்,பெண்கள்,நபர்கள்,ஆண்கள்,பெண்கள்
தமிழ்நாடு,72147030,36137975,36009055,37229590,18679065,18550525,34917440,17458910,17458530
கேரளா,33406061,16027412,17378649,17471135,8408054,9063081,15934926,7619358,8315568
```

இங்கே எண்களிலிருந்த காற்புள்ளிகளை நீக்கியிருக்கிறேன். நீக்காமலும் மேற்கோள் குறிக்குள் போடாமலும் விட்டால் 7,21,47,030 என்பது நான்கு கட்டங்களாகச் சிதறிவிடும்.

இந்தக் கோப்பைப் பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் திறந்து மூன்றாம் வரிதான் தலைப்பு என்று சொன்னால், முதல் நெடுவரிசைக்கு `Unnamed: 0` என்று பெயர் வரும். மற்றவை `நபர்கள்`, `ஆண்கள்`, `பெண்கள்`, அடுத்து `நபர்கள்.1`, `ஆண்கள்.1`, அதற்கடுத்து `நபர்கள்.2` என்று போகும். ஒரே பெயர் திரும்ப வரும்போது நூலகம் தானாக எண் சேர்க்கிறது. `.1` என்றால் ஊரகம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவர் மூலத் தாளைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

இந்தச் சிக்கலுக்குப் பரவலாகச் சொல்லப்படும் மருந்து ஒன்று உண்டு: வெற்றுக் கட்டங்களை இடப்பக்கத்துப் பெயரால் நிரப்பிவிடு. பாண்டாஸில் `ffill` என்ற ஒரே கட்டளை அதைச் செய்துவிடும். எக்செலிலிருந்து வந்த கோப்புக்கு அது சரியான மருந்து. இணைத்த கட்டங்களின் பெயரை எக்செல் எப்போதும் இடது மேல் மூலைக் கட்டத்தில்தான் வைத்திருக்கும். திரையில் நடுவில் தெரிந்தாலும் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது பெயர் இடது ஓரத்தில் வந்துவிடும், மற்றவை வெற்றாக இருக்கும். அங்கே இடமிருந்து வலமாக நிரப்பினால் பிழை நேராது.

ஸ்கேனில் பெயர் நடுவில் நிற்கிறது. அங்கே இதே மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? மேலே உள்ள இரண்டாம் வரியை நிரப்பி மூன்றாம் வரியோடு சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் 72147030 என்ற எண்ணுக்கு ‘மாநிலம்_நபர்கள்’ என்று பெயர் வருகிறது. மொத்த ஆண்களும் பெண்களும் சரியாகவே வருகிறார்கள். அடுத்து இருக்கும் 37229590 ஊரக மக்களின் எண்ணிக்கை. அதற்குக் கிடைக்கும் பெயர் ‘மொத்தம்_நபர்கள்’. நகர மக்களின் எண்ணிக்கையான 34917440, ‘ஊரகம்_நபர்கள்’ ஆகிவிடுகிறது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, எந்தப் பெயரும் இரண்டு முறை வரவில்லை என்பதுதான். பத்து நெடுவரிசைகள், பத்து வெவ்வேறு பெயர்கள், வெற்றுத் தலைப்பு ஒன்றுகூட இல்லை. ‘மாநிலம்_நபர்கள்’ என்பதுகூட மாநிலத்திலுள்ள மொத்த நபர்கள் என்று படிக்க இயல்பாகவே இருக்கிறது. தமிழ்நாட்டின் ஊரக மக்கள் மூன்றரைக் கோடி என்று யாராவது கட்டுரையில் எழுதினால் படிப்பவர் புருவம் உயராது. உண்மையான எண் 3,72,29,590. கோப்பில் 23,12,150 பேர் குறைந்திருக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் எண்கள் காட்டிக்கொடுக்காத பிழை இது.

நெடுவரிசைகள் இரட்டைப்படையில் இருந்தால் குழப்பத்தின் வடிவம் மாறும். ‘எழுத்தறிவு’ என்ற தலைப்பின் கீழ் ஆண், பெண் என்று இரண்டே நெடுவரிசைகள் இருந்தால் சொல்லின் நடு, இரண்டுக்கும் இடையே உள்ள கோட்டின்மேல் விழும். இரண்டு புள்ளி இடம் தள்ளினால் ஒரு பக்கம், வலம் தள்ளினால் மறுபக்கம். ஒரே நூலின் அடுத்தடுத்த பக்கங்கள் வெவ்வேறு விதமாகக் கெடுவதற்கு இது ஒரு காரணம்.

சரியான வழி, கேள்வியைத் தலைகீழாகத் திருப்புவதில் இருக்கிறது. ‘இந்தப் பெயர் எந்த நெடுவரிசையில் விழுகிறது?’ என்று மேலிருந்து கேட்கக் கூடாது. ‘இந்த நெடுவரிசைக்கு மேலே எந்தக் கட்டம் இருக்கிறது?’ என்று கீழிருந்து கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ஒரே நெடுவரிசைதான் விடையாக வர முடியும், மற்ற இரண்டும் அநாதையாகும். இரண்டாம் கேள்வியை ஒவ்வொரு நெடுவரிசையிடமும் தனித்தனியே கேட்பதால் ஒன்றும் விடுபடாது.

நம் ஊரில் ஒரு பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிறோமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. மூன்று வீடுகளில் மூன்று குமார் இருக்கலாம். வீட்டுக்குள் இருக்கும்வரை ‘குமார்’ என்றாலே போதும். வாசலில் அப்பா பெயர் எழுதியிருக்கிறது. பள்ளி வருகைப் பதிவேட்டில் வீடு இல்லை, வாசல் இல்லை. அப்பா பெயர் ஒவ்வொரு பிள்ளையோடும் சேர்ந்து வந்தாக வேண்டும். ‘ஆண்கள்’ என்ற நெடுவரிசையும் தன் மேலே உள்ள பெயரைத் தன்னோடு சுமந்துகொண்டு ‘ஊரகம்_ஆண்கள்’ என்று சிஎஸ்விக்குள் வர வேண்டும். தலைப்பைத் தட்டையாக்குவது என்று சொல்வது இதைத்தான்.

இதற்கு இரண்டு அளவுகள் தேவை. முதலாவது, அடிமட்ட நெடுவரிசைகளின் எல்லைகள். அவற்றைத் தலைப்பில் தேடாமல் கீழே உள்ள எண்களில் தேடுவதே நல்லது. எண்கள் வரிக்கு வரி ஒரே இடத்தில், வழக்கமாக வலது ஓரம் ஒத்து, அடுக்கடுக்காக நிற்கும். பக்கம் முழுவதும் எந்த மையும் படாத செங்குத்து இடைவெளிகள் நெடுவரிசைகளைப் பிரித்துக் காட்டும். நம் அரசு அட்டவணைகள் பலவற்றில் தலைப்புக்குக் கீழே 1, 2, 3 என்று நெடுவரிசை எண்கள் ஒரு வரியாக அச்சாகியிருக்கும். மொத்தம் எத்தனை நெடுவரிசை என்று அச்சிட்டவரே சொல்லிவைத்த சாட்சி அது. எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகு அந்த வரியை மறக்காமல் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் ஒரு மாநிலமாகிவிடும்.

இரண்டாவது அளவு, மேலுள்ள ஒவ்வொரு தலைப்புக் கட்டமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. கோடு போட்ட அட்டவணையில் இதைக் கோடுகளே சொல்லும். ‘மொத்தம், ஊரகம், நகரம்’ இருக்கும் வரியின் உயரத்துக்கு மட்டும் ஒரு பட்டையாகப் படத்தை வெட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டையில் மேலிருந்து கீழ்வரை இடைவெளியின்றிக் கறுப்பாக இருக்கும் இடங்களைத் தேடுங்கள். 500, 1100, 1700, 2300 ஆகிய இடங்களில் கோடு இருக்கும். 700-இல் இருக்காது, ஏனென்றால் ஆண்களையும் நபர்களையும் பிரிக்கும் கோடு அந்த வரிக்குக் கீழேதான் தொடங்குகிறது. அடுத்த வரியின் பட்டையை வெட்டினால் எல்லாக் கோடுகளும் தெரியும். எந்தக் கோடு எந்த உயரம்வரை ஏறி வருகிறது என்பதில்தான் தலைப்பின் அடுக்கு முழுவதும் எழுதியிருக்கிறது.

இந்த இரண்டு அளவுகளும் கைக்கு வந்துவிட்டால் மிச்சம் சில வரி நிரல்தான்:

```python
left = [100] + list(range(500, 2300, 200))
right = left[1:] + [2300]
top = [(500, 1100, "மொத்தம்"), (1100, 1700, "ஊரகம்"), (1700, 2300, "நகரம்")]
leaf = ["மாநிலம்"] + ["நபர்கள்", "ஆண்கள்", "பெண்கள்"] * 3

names = []
for l, r, low in zip(left, right, leaf):
    mid = (l + r) / 2
    up = [t for a, b, t in top if a < mid < b]
    names.append("_".join(up + [low]))
```

ஒவ்வொரு நெடுவரிசையின் நடுப்புள்ளியையும் எடுத்து, அது எந்தத் தலைப்பின் எல்லைக்குள் வருகிறது என்று பார்க்கிறோம். ‘மாநிலம்’ எந்தப் பொதுத்தலைப்பின் கீழும் வராததால் அது தனியாகவே நிற்கும். நெடுவரிசை எல்லை ஐந்தாறு புள்ளி பிசகினாலும் விடை மாறாது, ஏனெனில் 200 புள்ளி அகலத்தின் நடுவைத்தான் பார்க்கிறோம். உச்சியில் இருக்கும் ‘மக்கள்தொகை’யை நான் சேர்க்கவில்லை. ஒன்பதுக்கும் பொதுவான பெயர் எதையும் வேறுபடுத்தாது. அது கோப்பின் பெயரில் இருந்தால் போதும். அதே தாளில் ‘வீடுகள்’ என்று இன்னொரு பொதுத்தலைப்பு பக்கத்தில் இருந்தால் மட்டும் அதையும் சேர்க்க வேண்டும்.

கோடுகளே இல்லாத அட்டவணைகள் உண்டு. ஆய்விதழ்களில் செங்குத்துக் கோடு இல்லாமலே அச்சிடுவது வழக்கம். அவற்றில் பொதுத்தலைப்பின் கீழே அது ஆளும் அகலத்துக்கு ஒரு குட்டிக் கிடைக்கோடு இருந்தால் அதன் இரு முனைகளே எல்லை. அதுவும் இல்லையென்றால், எந்த நடுநிலை நம்மைக் குழப்பியதோ அதுவே இப்போது உதவிக்கு வருகிறது. தலைப்பு தன் எல்லையின் சரிநடுவில் நிற்கிறது என்றால் ஒரு முனையும் நடுவும் தெரிந்தால் மறுமுனையைக் கணக்கிடலாம். முதல் தலைப்பு 500-இல் தொடங்குகிறது, நடு 800. ஆகவே முடிவு 1100. அடுத்தது 1100-இல் தொடங்குகிறது, நடு 1400. முடிவு 1700. மூன்றாவது 1700-இல் தொடங்குகிறது, நடு 2000. முடிவு 2300. அட்டவணையின் வலது ஓரமும் 2300. கணக்கு ஓரத்தில் சரியாகப் போய்ப் பொருந்தினால் நாம் ஊகித்த எல்லைகள் சரி. பொருந்தாவிட்டால் தலைப்பு நடுவில் அச்சாகவில்லை, அல்லது ஏதோ ஒரு தலைப்பு எழுத்துணரியின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. நடைமுறையில் சில புள்ளிகள் முன்பின் வரும். அருகிலுள்ள நெடுவரிசை எல்லைக்கு ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டால் பிசகு சேராது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தாள் நேராக இருக்க வேண்டும். 2000 புள்ளி அகலமுள்ள அட்டவணை ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 35 புள்ளி உயர வித்தியாசம் வந்துவிடும். 10 பாயிண்ட் எழுத்தின் உயரமே இந்த ஸ்கேனில் ஏறத்தாழ 42 புள்ளிதான். அதாவது இடது முனையில் உள்ள சொல் ஒரு வரியிலும் வலது முனையில் உள்ள சொல் கிட்டத்தட்ட அடுத்த வரியிலும் போய்ச் சேரும். சாய்வைத் திருத்தாமல் தலைப்பைத் திருத்த இறங்குவது வீண்வேலை. நீண்ட தலைப்பு ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரியாக மடங்கியிருந்தாலும் எழுத்துணரி அதை இரண்டு அடுக்காக எண்ணும். இரண்டு வரிக்கும் இடையே கிடைக்கோடு இருக்கிறதா என்று பார்த்தால் இது தெளிவாகும்.

முடித்த பிறகு சரிபார்க்கக் கண்ணை நம்ப வேண்டாம், கூட்டலை நம்பலாம். ஒவ்வொரு வரியிலும் ஆண்களும் பெண்களும் சேர்ந்தால் நபர்கள் வர வேண்டும். ஊரகமும் நகரமும் சேர்ந்தால் மொத்தம் வர வேண்டும். `ffill` செய்த கோப்பில் ஊரக ஆண்களையும் பெண்களையும் கூட்டினால் 37229590 வருகிறது, பக்கத்தில் ‘ஊரகம்_நபர்கள்’ 34917440 என்று நிற்கிறது. பிழை அந்த இடத்திலேயே அகப்படுகிறது. சரியான கோப்பில் தமிழ்நாடும் கேரளமும் எல்லாக் கூட்டலிலும் பொருந்தும். ஒரு வரி மட்டும் பொருந்தாவிட்டால் ஏதோ ஓர் எண் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. எல்லா வரிகளும் ஒரே மாதிரி பொருந்தாவிட்டால் தலைப்பு நகர்ந்திருக்கிறது. இரண்டு நோய்க்கும் அறிகுறி வேறு வேறு என்பது பெரிய வசதி.

ஆனால் கூட்டலாலும் பிடிக்க முடியாத ஒரு பிழை உண்டு. ஊரகமும் நகரமும் முழுதாக இடம் மாறிவிட்டால், அதாவது மூன்று நெடுவரிசைகளும் சேர்ந்து பெயரை மாற்றிக்கொண்டால், எல்லாக் கூட்டலும் பொருந்தும். அங்கே வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். மாவட்ட அட்டவணையாக இருந்தால் சென்னை வரியைப் பாருங்கள். 2011-இல் சென்னை மாவட்டத்தின் 46,46,732 பேரும் நகரவாசிகள், அங்கே ஊரகப் பகுதியே இல்லை. சென்னைக்கு நேரே சுழியமோ சிறு கோடோ வெற்றிடமோ எந்தத் தலைப்பின் கீழ் வருகிறதோ அதுதான் ஊரகம். ஆனால் அதே வரி வேறொரு தொல்லையையும் கொண்டுவரும். அந்த மூன்று கட்டங்களும் வெற்றாக அச்சாகியிருந்தால், இடைவெளியை மட்டும் வைத்து நெடுவரிசை பிரிக்கும் மென்பொருள் நகர எண்களை இடப்பக்கம் இழுத்து ஊரகத்தில் போட்டுவிடக்கூடும். அப்போது அந்த வரியில் பத்துக் கட்டங்களுக்குப் பதில் ஏழுதான் இருக்கும். வரிக்கு வரி கட்டங்களை எண்ணிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். எனவே கட்டங்களை முதலில் எண்ணி, பிறகு கூட்டலைப் பார்த்து, கடைசியில் சென்னை வரியைப் பார்ப்பதே சரியான வரிசை.